தில்லி ஹாட்டில் 15 நாள் கடை, அதற்குப் பிறகு? வீட்டு அலங்காரப் பொருள் விற்பவருக்கு பின்ட்ரெஸ்ட் எப்படி உதவும்?

டெல்லியில் இருக்கும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றால் மீன், முருங்கைக்காய், கறிவேப்பிலை, தென்னிந்திய மளிகை. அதே மெட்ரோ நிலையத்தில் இறங்கி சாலையின் எதிர்ப்பக்கம் போனால் தில்லி ஹாட். 1994-ல் தொடங்கப்பட்ட இந்தக் கைவினைச் சந்தையில் நாடு முழுவதிலும் இருந்து வரும் கைவினைஞர்கள் கடை போடுகிறார்கள். அலங்காரப் பொருள் வாங்க வருபவர்கள் மார்க்கெட்டைத் தாண்டி இங்கேதான் வருவார்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். கைவினைஞர்களுக்கான ஸ்டால்கள் நிரந்தரமாகத் தரப்படுவதில்லை. சுழற்சி முறையில், பொதுவாக 15 நாட்களுக்குத்தான் ஒதுக்குகிறார்கள். அந்த 15 நாளில் நின்று பார்த்தவர், விலை கேட்டவர், 'அடுத்த மாசம் வீடு மாறுறோம், அப்போ வாங்கிக்கிறோம்' என்று சொல்லிவிட்டுப் போனவர் எல்லாரும் 16-வது நாள் வந்தால் அதே இடத்தில் வேறொரு மாநிலத்துக் கடை இருக்கும்.

வீட்டு அலங்காரத்தைப் பொறுத்தவரை இந்த 'அப்போ வாங்கிக்கிறோம்' பெரும்பாலும் சாக்குப்போக்கு கிடையாது. வீடு மாறுவது, திருமணம், தீபாவளி என ஏதோ ஒன்றைத் திட்டமிட்டு, வாரக்கணக்கில் படம் பார்த்துவிட்டுத்தான் மக்கள் இந்தப் பொருட்களை வாங்குகிறார்கள். அப்படிப் படம் பார்க்கும் இடங்களில் ஒன்று பின்ட்ரெஸ்ட். கடை கலைந்த பிறகும் ஒரு சிறு விற்பனையாளரை வாடிக்கையாளர் தேடி வர அது எப்படி உதவும், எங்கே உதவாது என்பதை ஒரு உதாரணத்துடன் பார்க்கலாம்.

பின்ட்ரெஸ்ட் சமூக வலைதளமா, தேடுபொறியா?

2010-ல் தொடங்கப்பட்ட பின்ட்ரெஸ்ட்டை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் விற்பனையாளரின் கோணத்தில் அதைப் படங்களுக்கான தேடுபொறி என்று நினைத்துக்கொள்வதே சரி.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் போடும் படம் பெரும்பாலும் உங்களைப் பின்தொடர்பவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் போகிறது. ஓரிரு நாளில் அது கீழே இறங்கிவிடும். பின்ட்ரெஸ்ட்டில் ஒருவர் 'சாப்பாட்டு மேசைக்கு என்ன விரிக்கலாம்' என்று தேடும்போது உங்கள் படம் வருகிறது. அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. படம் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தாலும், தேடியதற்குப் பொருந்தினால் மேலே வரும்.

அங்கே போடும் ஒவ்வொரு படத்துக்கும் 'பின்' என்று பெயர். பின்னுக்கு ஒரு தலைப்பு, ஒரு விளக்கம், ஒரு இணைப்பு இருக்கும். அந்த இணைப்பைத் தொட்டால் உங்கள் இணையப் பக்கம் திறக்கும். பின்களை ஒன்றாகக் குத்தி வைக்கும் பலகைக்கு 'போர்டு' என்று பெயர். உங்கள் பின்னைப் பார்க்கும் மற்றவர்கள் அதைத் தங்கள் சொந்த போர்டில் சேமித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் இதில் போர்டு என்பது வெறும் ஆல்பம் என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள்.

போர்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

2018-ல் பின்ட்ரெஸ்ட் பொறியாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 'பின்சேஜ்' என்ற முறையைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். எந்தப் பின்னுக்கு எந்தப் பின் உறவு என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதே அதன் பொருள். பின்களும் போர்டுகளுமாக 300 கோடி புள்ளிகள், அவற்றை இணைக்கும் 1,800 கோடி கோடுகள் கொண்ட ஒரு மாபெரும் வலைப்பின்னலில் அது இயங்கியது.

இந்த முறையை விளக்க அவர்கள் சொன்ன உதாரணம் எளிமையானது. கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியையும் தோட்டத்து வேலியையும் படத்தில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கணினி குழம்பிப்போகும். ஆனால் கட்டில் படத்தை மக்கள் படுக்கையறை போர்டில் வைத்திருப்பார்கள், வேலியைத் தோட்ட போர்டில் வைத்திருப்பார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அன்றைய முறை இன்று எவ்வளவோ மாறியிருக்கும். ஆனாலும் விற்பனையாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மாறவில்லை. உங்கள் பொருள் எந்த அறைக்கு உரியது என்பதை படம் மட்டும் சொல்லிவிடாது. அது எந்த போர்டில், எந்தப் படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் சொல்கிறது.

இப்போது தில்லி ஹாட்டில் கடை போட்டுவிட்டுப் போன ஒருவரின் கணக்கைத் திறந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். `Our Products` என்று ஒரு போர்டு, `New Collection` என்று இன்னொன்று. பாய், கூடை, விளக்கு, பொம்மை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அவருக்கு அது கடை அலமாரி. தேடுபொறிக்கோ அதிலிருந்து ஒன்றுமே புரியாது.

ஒரு உதாரணம்: பத்தமடைப் பாய்

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நெய்யப்படும் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றது. கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, நூல் பாவில் கோத்து நெய்வார்கள். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் பிரபலம். அதே நெசவில் மேசை விரிப்பு, தட்டு வைக்கும் சிறு விரிப்பு போன்றவையும் வருகின்றன.

இப்படிப்பட்ட பாய்களுடன் ஒருவர் 15 நாள் கடை போட்டு முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாம் கற்பனை செய்துகொள்ளும் கடைதான். ஆனால் அவர் செய்ய வேண்டிய வேலைகள் நிஜமானவை.

முதல் கேள்வி, வாங்குபவர் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்? 'பத்தமடைப் பாய்' என்று தேடுபவர் ஏற்கெனவே அதை அறிந்தவர். அவர் எப்படியும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் அப்படிப்பட்டவர்கள் குறைவு. நொய்டாவில் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகும் ஒருவருக்கு அந்தப் பெயரே தெரியாது. அவர் தேடுவது தன் வீட்டின் பிரச்னையை. மேசை வெறிச்சென்று இருக்கிறது, தரையில் உட்கார அழகான ஒரு ஏற்பாடு வேண்டும், கல்யாண வீட்டு மேடையில் ஏதாவது வித்தியாசமாக வேண்டும்.

இந்த வார்த்தைகளைக் கண்டுபிடிக்கக் காசு கட்ட வேண்டியதில்லை. பின்ட்ரெஸ்ட் தேடல் பெட்டியில் `table runner` என்று தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே வரிசையாக வரும் பரிந்துரைகள் மக்கள் தேடும் போக்கைக் காட்டும். தேடிய பிறகு மேலே சிறு பொத்தான்களாக வரும் சொற்களும் அப்படித்தான். ஒரு நோட்டில் பதினைந்து, இருபது சொற்றொடர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, அவற்றில் எதற்கு உங்களிடம் உண்மையிலேயே பொருள் இருக்கிறது என்று டிக் போடுங்கள். மிச்சத்தை விட்டுவிடுங்கள். இல்லாத பொருளுக்கு ஆள் கூட்டி வந்து பயனில்லை.

நம் கடைக்காரருக்கு மூன்று போர்டு போதும் என்று வைத்துக்கொள்வோம்:

```
Natural dining table runners
Indian floor seating ideas
South Indian wedding decor
```

மூன்றிலும் 'பாய்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அதை எழுதினால் யோகா விரிப்பு, மிதியடி, குளியலறை விரிப்பு எல்லாமே அதே சொல்லுக்குள் வந்துவிடும். கட்டிலும் வேலியும் குழம்பிய அதே கதைதான். அறையின் பெயரும் பயன்பாடும் முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு போர்டிலும் உங்கள் படங்களை மட்டும் வைக்காதீர்கள். மேசை விரிப்பு போர்டு என்றால், மற்றவர்கள் போட்ட நல்ல சாப்பாட்டு மேசைப் படங்கள், பித்தளைக் குவளைகள், வாழை இலைப் பந்தி போன்றவற்றையும் ஒரு பத்து, பதினைந்து சேமியுங்கள். போட்டியாளருக்கு விளம்பரம் ஆகிவிடாதா என்று தோன்றும். கொஞ்சம் ஆகும்தான். ஆனால் இந்த போர்டு எதைப் பற்றியது என்று தெளிவாகிவிட்டால், அதில் அடுத்து வரும் உங்கள் படத்துக்கு நல்ல அக்கம்பக்கம் கிடைத்துவிடுகிறது.

படம் எப்படி இருக்க வேண்டும்?

செல்போனில் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் நெட்டுக்குத்தான படம் வேண்டும். பின்ட்ரெஸ்ட் பரிந்துரைக்கும் அளவு 2:3 விகிதம், அதாவது 1000 பிக்சல் அகலம், 1500 பிக்சல் உயரம். அதைவிட நீளமான படத்தின் அடிப்பகுதி பட்டியலில் வெட்டுப்படலாம்.

ஸ்டாலிலேயே எடுத்த படம் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. சுருட்டி அடுக்கிய இருபது பாய்கள், மேலே டியூப்லைட், பின்னால் பக்கத்துக் கடைக்காரரின் துப்பட்டா என்று இருக்கும். அதைப் பார்ப்பவருக்கு 'இது ஒரு கடை' என்று புரியும். 'இது என் மேசையில் எப்படி இருக்கும்' என்று புரியாது. ஒரு உறவினர் வீட்டு மேசை போதும். காலை ஒன்பது மணி வாக்கில் ஜன்னல் பக்கம் விரித்து, விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். இரண்டு தட்டு, ஒரு டம்ளர் வைத்தால் அளவு தானாகத் தெரிந்துவிடும்.

ஒரே விரிப்புக்கு நாலு விதமான படம் எடுக்கலாம். முழு மேசை ஒன்று, நெசவு தெரிய நெருக்கமாக ஒன்று, மேசை ஓரத்தில் தொங்கும் முனை ஒன்று, கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒன்று. நாலையும் ஒரே நாளில் போட வேண்டாம், வாரத்துக்கு ஒன்றாகப் போடலாம். நாலும் ஒரே பொருள் பக்கத்துக்குத்தான் இணைப்பு கொடுக்கும். ஒரே படத்தைப் பத்து போர்டில் ஒட்டுவதைவிட இது பல மடங்கு மேல்.

நம் கடைக்காரரின் விரிப்பு 180 சென்டிமீட்டர் நீளம், 35 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அடி மேசை சுமார் 150 சென்டிமீட்டர். அப்படியானால் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் தொங்கும். வாங்குபவர் மனதில் ஓடும் கேள்வியே இதுதான், 'என் மேசைக்குச் சரியா வருமா?' அதைத் தலைப்பிலும் விளக்கத்திலும் சொல்லிவிடலாம்:

```
Title: Natural grass table runner for 6 seater dining table
Description: Handwoven korai grass runner from Pattamadai,
Tamil Nadu. 180 x 35 cm, hangs 15 cm on each side of a
5 foot table. Clean with a dry cloth.
```

தலைப்பில் 100 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் பட்டியலில் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் பொருளும் அறையும் முன்னால் வர வேண்டும். பத்தமடை என்ற பெயர் விளக்கத்தில் வந்தால் போதும். இது பலருக்கு மனசு ஒப்பாது. ஊர் பெயர்தானே பெருமை? பெருமைதான். ஆனால் அதைத் தெரியாதவர் முதலில் உள்ளே வர வேண்டும், வந்தபின் உங்கள் பக்கத்தில் ஊரின் கதையை விரிவாகச் சொல்லலாம். இன்னொன்று, பத்தமடையில் நெய்யாத பாய்க்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது. புவிசார் குறியீடு இருப்பதால் அது சட்டப் பிரச்னையும்கூட.

இணைப்பு எங்கே போக வேண்டும்?

கைவினைப் பொருள் விற்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

பின்னின் ஆயுள் நீளம். பொருளின் ஆயுள் குறைவு. கைத்தறியில் ஒரு வடிவத்தில் ஐந்து விரிப்பு நெய்திருப்பார்கள், ஐந்தும் இரண்டு வாரத்தில் விற்றுவிடும். கடைக்காரர் அந்தப் பக்கத்தை நீக்கிவிடுவார். நாலு மாதம் கழித்து அந்தப் பின் தேடலில் மேலே ஏறத் தொடங்கும். தொட்டுப் பார்ப்பவருக்கு 'பக்கம் இல்லை' என்று வரும். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த வாடிக்கையாளர் ஒரு நொடியில் போய்விடுவார்.

இதற்கு வழி, பக்கத்தைத் தனிப் பொருளுக்கு இல்லாமல் வடிவத்துக்கு உருவாக்குவது. 'கோரை மேசை விரிப்பு' என்று ஒரே பக்கம். அதில் இன்று இருக்கும் நிறங்கள், அளவுகள், விலை. தீர்ந்துபோனால் 'நெய்து தர இத்தனை நாள் ஆகும்' என்று அங்கேயே எழுதுங்கள். முகவரியை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் தானாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லி இணையதளம் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள்.

பின்னை உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்குக்கோ, இணையதளத்தின் முகப்புக்கோ இணைக்க வேண்டாம். படத்தில் பார்த்த விரிப்பு அங்கே எங்கே இருக்கிறது என்று வந்தவர் தேட மாட்டார். வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் எடுப்பீர்கள் என்றால் அதிலும் தவறில்லை. பொருள் பக்கத்தில் வாட்ஸ்அப் பொத்தான் வையுங்கள், பின் அந்தப் பக்கத்துக்குப் போகட்டும். சுருக்கிய இணைப்புகளைத் தவிர்ப்பது நல்லது. மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவதால் அவை தடைபட வாய்ப்பு உண்டு.

பின்ட்ரெஸ்ட்டில் வணிகக் கணக்கு இலவசம். அதைத் திறந்ததும் 'இந்த இணையதளம் என்னுடையது' என்று உறுதி செய்யலாம். பின்ட்ரெஸ்ட் தரும் ஒரு வரியை உங்கள் தளத்தின் தலைப் பகுதியில் ஒட்ட வேண்டும். அது இப்படி இருக்கும்:

```
<meta name="p:domain_verify" content="CODE"/>
```

`CODE` என்ற இடத்தில் உங்களுக்கென்று தரப்படும் எண் வரும். இதைச் செய்துவிட்டால், உங்கள் தளத்திலிருந்து வேறு யாரோ சேமித்த படங்களுக்கான எண்ணிக்கையையும் நீங்கள் பார்க்கலாம்.

ஸ்டாலில் இருக்கும் அந்த 15 நாள்

இவ்வளவையும் ஊருக்குப் போன பிறகுதான் செய்ய வேண்டும் என்று இல்லை. கடைக்கு வருபவர்கள் எப்படியும் போனில் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் அவர்கள் கேலரியில் ஆயிரம் படங்களோடு கலந்து காணாமல் போகும். அதற்குப் பதில், விரிப்பின் பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை வைத்து, அது பொருள் பக்கத்தைத் திறக்கும்படி செய்யலாம். அந்தப் பக்கத்தில் பின்ட்ரெஸ்ட்டில் சேமிக்கும் பொத்தான் இருக்கட்டும்.

அவர் அதைத் தன் 'புது வீடு' போர்டிலோ, 'அக்கா கல்யாணம்' போர்டிலோ சேமித்துக்கொள்வார். இப்படி ஒரு அந்நியர் தன் வீட்டுக்கென்று செய்து வைத்த போர்டில் உங்கள் படம் போய் உட்காருவது, உங்கள் போர்டில் நீங்களே நூறு படம் போடுவதைவிட மதிப்பானது என்பது என் கருத்து. அந்த போர்டில் சோஃபா இருக்கும், திரைச்சீலை இருக்கும், மேசை இருக்கும். உங்கள் விரிப்புக்கு அதைவிடச் சரியான அக்கம்பக்கம் கிடைக்காது.

கூகுள் படத் தேடலுக்கும் இது உதவுமா?

உதவும், அதே படங்களே போதும். `IMG_2047.jpg` என்று கேமரா கொடுத்த பெயரை `korai-grass-table-runner.jpg` என்று மாற்றிவிட்டுத் தளத்தில் ஏற்றுங்கள். படத்துக்கான மாற்று உரையில், கண் தெரியாத ஒருவருக்குப் படத்தை விவரிப்பதுபோல ஒரு வரி எழுதுங்கள். அதன் உண்மையான நோக்கமும் அதுதான். படத்தைச் சுற்றி அளவு, பொருள், விலை எழுத்தாக இருக்க வேண்டும். விலையைப் படத்துக்குள் எழுதிவிட்டுப் பக்கத்தை வெறுமையாக விடுவது வீண். `Search Console` என்ற இலவசக் கருவியில் படத் தேடலை மட்டும் பிரித்து, எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்க முடியும்.

பலன் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்ட்ரெஸ்ட் காட்டும் எண்களில் மூன்றைப் பார்த்தால் போதும். `Impressions` என்பது படம் திரையில் வந்த தடவைகள். `Saves` என்பது சேமித்தவர்கள். `Outbound clicks` என்பது படத்தைத் தாண்டி உங்கள் பக்கத்துக்கு வந்த தடவைகள். முதல் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கணக்குக்காக ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். படங்கள் 20,000 தடவை திரையில் வந்தன. பக்கத்துக்கு 100 பேர் வந்தார்கள். அந்த 100 பேரில் 2 பேர் வாங்கினார்கள். இவை உதாரண எண்கள்தான், உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் 20,000 என்ற எண்ணுக்குப் பின்னால் 2 ஆர்டர்தான் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கவும் இந்த வரிசை உதவும். படம் திரையிலேயே வரவில்லை என்றால் சொற்களிலும் போர்டிலும் கோளாறு. நிறையப் பேர் சேமிக்கிறார்கள், ஆனால் பக்கத்துக்கு யாரும் வரவில்லை என்றால், படம் அழகாக இருக்கிறது, ஆனால் அது விற்பனைக்கு உள்ள பொருள் என்று தெரியவில்லை. அளவையும் எங்கே நெய்தது என்பதையும் விளக்கத்தில் சேருங்கள். பக்கத்துக்கு வந்தும் வாங்கவில்லை என்றால் பின்ட்ரெஸ்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை, கூரியர் கட்டணம், திருப்பி அனுப்பும் வசதி ஆகியவற்றைப் பாருங்கள்.

வந்தவர் எந்தப் பின்னிலிருந்து வந்தார் என்று அறிய, இணைப்பின் கடைசியில் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். உங்கள் தளத்தின் கணக்கில் அது தனியாகத் தெரியும்:

```
?utm_source=pinterest&utm_campaign=runner
```

எங்கே இது உதவாது?

அவசரத்துக்கு உதவாது. புதுக் கணக்கில் முதல் இரண்டு, மூன்று மாதம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கலாம். தீபாவளிக்கு விற்க வேண்டிய விளக்கு, விரிப்புப் படங்களை அக்டோபரில் போட்டால் காலம் கடந்துவிடும். ஆகஸ்ட் மாதமே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் திட்டமிடுபவர்கள் அப்போதே தேடத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணப் பாய்க்கும் அப்படியே. தையில் முகூர்த்தம் என்றால் ஐப்பசியிலேயே படம் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தூரம். பின்ட்ரெஸ்ட் அமெரிக்க நிறுவனம், அங்கே அதன் பயனர்கள் மிக அதிகம். ஆங்கிலத்தில் எழுதினால் டெல்லிக்காரரோடு டெக்ஸாஸ்காரரும் வருவார். வந்தவருக்கு அனுப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான முறை. வரும் எண்ணும் உண்மையான எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம்.

மேசை விரிப்பைச் சுருட்டினால் 38 x 8 x 8 பெட்டியில் அடங்கும் என்று வையுங்கள். கணக்குப்படி அரை கிலோகூட வராது. நாலடி அகலப் பாயைச் சுருட்டினால் 125 x 12 x 12 ஆகிவிடும். அது 3.6 கிலோ. பாயின் உண்மையான எடை அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் 3.6 கிலோவுக்குத்தான் பணம். ஆகவே ஸ்டாலில் பெரிய பாயை முன்னால் தொங்கவிடுங்கள், பார்ப்பவர் அங்கேயே எடுத்துப் போவார். பின்ட்ரெஸ்ட்டில் முன்னால் நிற்க வேண்டியது விரிப்பும் தட்டு விரிப்பும்தான்.

மூன்றாவது, நகல். நல்ல படம் பரவும்போது வேறு யாரோ அதை இறக்கி, தன் பக்கத்தின் இணைப்போடு ஏற்றிவிடலாம். பின்ட்ரெஸ்ட்டில் காப்புரிமைப் புகார் கொடுக்கப் படிவம் இருக்கிறது. புகார் எடுபட, அந்தப் படம் முதலில் உங்கள் பக்கத்தில் வந்தது என்பதற்கான சான்றும் அசல் கோப்பும் கையில் இருந்தால் நல்லது. ஆகவே படத்தைத் தளத்தில் போட்ட பிறகே பின்ட்ரெஸ்ட்டில் போடுங்கள், போனிலிருந்து அசலை அழித்துவிடாதீர்கள். ஓரத்தில் சின்னதாகக் கடைப் பெயர் போடலாம். படத்தின் நடுவே பெரிதாகப் போட்டால் திருடர் மட்டுமல்ல, வாங்குபவரும் விலகிப்போவார்.

எவ்வளவு நாள் பார்க்கலாம்?

வாரத்துக்கு மூன்று படம் என்றால் ஆறு மாதத்தில் எழுபத்தைந்து படத்துக்கு மேல் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதத்துக்குத் தேவையானதை எடுத்துவிடலாம். எழுதிப் போட வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஆறு மாத முடிவில் எந்தப் பத்துப் படம் அதிகம் பேரைப் பக்கத்துக்குக் கூட்டி வந்தது என்று வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் ஒரே போர்டைச் சேர்ந்தவையாக, ஒரே வகைப் பொருளாக அவை இருக்கும். மற்ற இரண்டு போர்டை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த தறியில் அந்த வகையைக் கூடுதலாக நெய்யச் சொல்லலாம். பத்துப் படத்தையும் சேர்த்தே நூறு பேர்கூட வரவில்லை என்றால் அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தை நிறுத்திவிட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் புதுப் படம் அனுப்புவதில் செலவிடலாம். போட்ட பின்களை அழிக்க வேண்டாம், அவை அங்கேயே இருப்பதற்குச் செலவு எதுவும் கிடையாது.